பார்வை எண்ணிக்கையை எதனோடு ஒப்பிடுவது?

ஒரு யூடியூப் அலைவரிசை நன்றாக நடக்கிறதா என்று அறிய, அதே துறையில் இயங்கும் பிற அலைவரிசைகளோடு அதனை ஒப்பிட்டுப் பார்ப்பது இன்று பரவலான வழக்கமாகிவிட்டது. ஊடகவியல் மாணவர்களின் ஆய்வேடுகளிலும் தன்னார்வக் குழுக்களின் ஆண்டு அறிக்கைகளிலும் இத்தகைய அட்டவணைகளைக் காண்கிறோம். அலைவரிசையின் உரிமையாளருக்கு மட்டும் தெரியும் தரவுகள் (எவ்வளவு நேரம் பார்த்தார்கள், எந்த ஊரிலிருந்து பார்த்தார்கள், எத்தனை பேர் திரும்ப வந்தார்கள்) வெளியிலிருப்பவருக்குக் கிடைப்பதில்லை. ஆகவே ஒப்பீடு செய்பவர் கையில் எஞ்சுபவை இரண்டே. ஒன்று, ஒவ்வொரு காணொளியின் பார்வை எண்ணிக்கை. மற்றொன்று, அது வெளியான நாள். இவ்விரண்டைக் கொண்டே பயனுள்ள ஒப்பீட்டைச் செய்ய இயலும் என்பது என் கருத்து. ஆயினும் பெரும்பாலான அட்டவணைகள் பதிவேற்றத்தின் வேகத்தை அளந்துவிட்டு, அதற்கு ‘வரவேற்பு’ என்று பெயர் சூட்டிவிடுகின்றன. இப்பதிவு அதைப் பற்றியது.

இது வெறும் முறையியல் சச்சரவு அன்று. அணுசக்தி நகர்க் குடியிருப்பில் வாழும் தமிழ் நண்பர்கள் சிலர், ஆங்கில வழியில் பயிலும் இங்குள்ள பிள்ளைகளுக்காக அறிவியலையும் தமிழ் இலக்கணத்தையும் விளக்கும் அலைவரிசை ஒன்றை விடுமுறை நாள்களில் நடத்தி வருகிறார்கள். மாதத்திற்கு இரண்டு காணொளி வந்தால் பெரிது. அண்மையில் அவர்கள் முன் ஓர் அட்டவணை வைக்கப்பட்டது. சென்னையிலிருந்து இயங்கும் ஒத்த அலைவரிசைகளின் மாதாந்திரப் பார்வைகளோடு இவர்களுடையதை ஒப்பிட்டு, விளக்கக் காணொளிகளை நிறுத்திவிட்டு நாள்தோறும் ஒரு ஷார்ட்ஸ் வெளியிடலாம் என்று அது பரிந்துரைத்தது. ஒரு குழு ஆண்டுக்கணக்கில் செய்துவந்த வேலையைக் கைவிடுவதா, தொடர்வதா என்பதை ஓர் அட்டவணை முடிவு செய்யுமானால், அந்த அட்டவணை எதை அளக்கிறது என்று கேட்கும் கடமை நமக்கு உண்டு.

கணக்கு விளங்குவதற்காக இரண்டு அலைவரிசைகளைக் கற்பனை செய்துகொள்வோம். எண்கள் நான் அமைத்தவை. எந்த உண்மையான அலைவரிசையையும் அவை குறிக்கவில்லை. ‘அ’ ஓராண்டில் 24 காணொளிகளை வெளியிட்டது; அவற்றின் மொத்தப் பார்வை 1,20,000. ‘ஆ’ அதே ஆண்டில் 144 காணொளிகளை வெளியிட்டது. மொத்தப் பார்வை 4,32,000. மாதக் கணக்கில் சொன்னால் ‘அ’வுக்கு 10,000, ‘ஆ’வுக்கு 36,000. வழக்கமான அட்டவணை இந்த இடத்தில் நின்றுவிடும். ‘ஆ’ மூன்றரை மடங்குக்கு மேல் வெற்றி பெற்றது என்று எழுதிவிடும்.

ஆனால் மாதப் பார்வை என்பது ஒரே அளவன்று. இரண்டு அளவுகளின் பெருக்கல். மாதத்திற்கு எத்தனை காணொளி என்பது ஒன்று, காணொளிக்கு எத்தனை பார்வை என்பது மற்றொன்று. முன்னது நடத்துபவர்களின் நேரத்தையும் ஆள்பலத்தையும் காட்டுகிறது. பின்னதே பார்ப்பவர்களின் பக்கத்தைச் சற்றேனும் காட்டுகிறது. இரண்டையும் பிரித்துப் பார்த்தால், ‘ஆ’ ஆறு மடங்கு அடிக்கடி வெளியிடுகிறது. காணொளிக்குச் சராசரியாக ‘அ’வுக்கு 5,000 பார்வையும் ‘ஆ’வுக்கு 3,000 பார்வையும் கிடைக்கின்றன. வரிசை தலைகீழாகிவிட்டது. மொழியியல் மாணவர்களுக்கு இது புதிதன்று. இரண்டு தரவகங்களில் ஒரு சொல் எத்தனை முறை வருகிறது என்று ஒப்பிடும்போது, பத்து இலட்சம் சொற்களுக்கு எத்தனை முறை என்று மாற்றாமல் எவரும் பேசுவதில்லை. யூடியூப் என்றவுடன் அந்த ஒழுங்கை ஏனோ மறந்துவிடுகிறோம்.

‘அ’ வென்றது என்று முடிப்பதும் தவறே. சராசரி இவ்விடத்தில் நம்பத்தகுந்த அளவன்று. யூடியூப் பார்வைகள் காணொளிகளிடையே சமமாகப் பரவுவதில்லை; மிகச் சில காணொளிகள் பெரும் பகுதியை எடுத்துக்கொள்ளும். ‘மாரி 2’ படத்தின் ‘ரவுடி பேபி’ பாடல் 2020 நவம்பரில் நூறு கோடிப் பார்வைகளைக் கடந்தது. அத்தகைய ஒரு பாடல் இருக்கும் அலைவரிசையில் மேலும் 499 காணொளிகள் இருந்து, அவற்றை ஒருவருமே பார்க்கவில்லை என்று வைத்துக்கொண்டாலும், காணொளிக்கு இருபது இலட்சம் பார்வை என்று சராசரி காட்டும். அந்த அலைவரிசையில் அடுத்து வரும் சாதாரணக் காணொளி எப்படிப் போகும் என்பதைப் பற்றி இந்த எண் எதுவும் சொல்லாது.

நம் ‘அ’விலும் அப்படி ஒன்று உண்டு என்று கொள்வோம். சந்திரயான்-3 நிலவில் இறங்கிய 2023 ஆகஸ்ட் 23 ஆம் நாளை ஒட்டி அது வெளியிட்ட ஒரு விளக்கக் காணொளி மட்டும் 62,000 பார்வை பெற்றது. எஞ்சிய 23 காணொளிகளுக்கும் சேர்த்துக் கிடைத்தவை 58,000. அவற்றின் சராசரி ஏறத்தாழ 2,500. ஆகவே சராசரியை விட்டுவிட்டு இடைநிலையை எடுக்க வேண்டும். காணொளிகளைப் பார்வை வாரியாக வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுத்தால், ‘அ’வின் இடைநிலை 2,100, ‘ஆ’வின் இடைநிலை 2,250 என்று வருகிறது. மூன்றரை மடங்கு வேறுபாடு முதலில் திசை மாறியது. இப்போது கிட்டத்தட்ட மறைந்தே போயிற்று. பெரும் வெற்றி பெற்ற காணொளியை மறைக்க வேண்டியதில்லை; அதனைத் தனி வரியில் குறிப்பிட வேண்டும். அது அலைவரிசையின் வழக்கத்தைக் காட்டுவதன்று, நேர்ந்த ஒரு நிகழ்வைக் காட்டுவது.

அடுத்துக் கவனிக்க வேண்டியது வயது. என் பார்வையில் எல்லாவற்றிலும் முக்கியமானதும், எல்லாரும் விட்டுவிடுவதும் இதுவே. பார்வை எண்ணிக்கை என்பது வெளியான நாள் முதல் இன்றுவரை சேர்ந்த மொத்தம். பதினோரு மாதம் ஆன காணொளியையும் பதினோரு நாள் ஆன காணொளியையும் ஒரே வரிசையில் வைப்பது, முதியவர்கள் மிகுந்த ஊரின் இறப்பு எண்ணிக்கையை இளைஞர்கள் மிகுந்த ஊரோடு நேரடியாக ஒப்பிடுவதற்கு ஒப்பானது. ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு எத்தனை இறப்பு என்று மட்டும் பார்த்தால், அண்மைக் காலத்தில் கேரளத்தின் எண் பீகாரின் எண்ணைவிடக் கூடுதல். அதனால் கேரளத்தில் உடல்நலம் மோசம் என்று எந்த மக்கள்தொகையியலாளரும் சொல்லமாட்டார். கேரளத்தில் முதியோர் மிகுதி என்பார், வயதுவாரியாகச் சரிசெய்த பின்னரே ஒப்பிடுவார். அணுசக்தி நகருக்கு அருகே தேவ்னாரில் இருக்கும் பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் போன்ற இடங்களில் கற்பிக்கப்படும் அடிப்படைப் பாடம் இது. காணொளிகளுக்கும் இந்த விதியே பொருந்தும்.

‘அ’ தன் 24 காணொளிகளில் 18ஐ ஆண்டின் முதல் ஆறு மாதங்களில் வெளியிட்டுவிட்டது. பின்னர் தேர்வு, பணிச்சுமை என்று வேகம் குறைந்து, அடுத்த ஆறு மாதங்களில் 6 மட்டுமே வந்தன. ‘ஆ’ ஆண்டு முழுவதும் சீராக மாதம் 12 வெளியிட்டது. ஆகவே இரண்டின் வயதுக் கலவையும் வேறு. இதனைச் சரிசெய்யும் வழி எளிது: ஒவ்வொரு காணொளியும் வெளியான 28 ஆம் நாளில் எத்தனை பார்வை பெற்றிருந்தது, 180 ஆம் நாளில் எத்தனை பெற்றிருந்தது என்று பார்த்து, ஒரே வயதில் நிற்பவற்றை மட்டும் ஒப்பிடுவது.

இடர்ப்பாடு என்னவெனில், பழைய நாள்களின் எண்ணிக்கையை யூடியூப் வெளியாருக்குக் காட்டுவதில்லை. இன்றைய மொத்தம் மட்டுமே தெரியும். எனவே ஆய்வாளர்தான் வாரம் ஒருமுறை எண்ணிக்கையைக் குறித்து வைக்க வேண்டும். யூடியூபின் தரவு இடைமுகம் வழியாக `playlistItems.list` என்னும் அழைப்பால் ஓர் அலைவரிசையின் காணொளிப் பட்டியலையும், `videos.list` என்னும் அழைப்பால் ஒவ்வொன்றின் `publishedAt`, `viewCount` ஆகியவற்றையும் பெறலாம். ஓர் அழைப்பில் 50 காணொளிகள் வரை கேட்கலாம். அழைப்புக்கு ஓர் அலகுதான் செலவு. ஒரு நாளைக்கு வழக்கமாக வழங்கப்படும் 10,000 அலகுகளில் பத்துப் பன்னிரண்டு அலைவரிசைகளைக் கண்காணிப்பது பெருஞ்செலவன்று. நிரல் எழுதத் தெரியாதவர் ஞாயிறுதோறும் கையால் குறித்து வைத்தாலும் போதும். இரண்டு ஞாயிறுகளுக்கு இடையே 28 ஆம் நாள் வந்தால், இரண்டு எண்களுக்கும் இடையில் நேர்கோடு வரைந்து மதிப்பிட்டுக்கொள்ளலாம்.

அவ்வாறு குறித்து வைத்திருந்தால் நம் எடுத்துக்காட்டில் கிடைப்பது இது. 28 ஆம் நாளில் ‘அ’வின் இடைநிலை 900, ‘ஆ’வின் இடைநிலை 1,900. 180 ஆம் நாளை எட்டிவிட்ட காணொளிகளில் ‘அ’வின் இடைநிலை 2,600, ‘ஆ’வினது 2,350. முதல் மாதத்தில் ‘ஆ’ இரு மடங்கு. ஆறாம் மாதத்தில் ‘அ’ சற்றே மேல். எது உண்மை? இரண்டுமே உண்மை. ‘ஆ’வின் காணொளிகளை வெளியானவுடன் பார்த்துவிடுகிறார்கள், பின்னர் அவை ஓய்ந்துவிடுகின்றன. ‘அ’வின் காணொளிகள் மெல்ல, நெடுநாள் பார்க்கப்படுகின்றன. செய்தி விமரிசனம் செய்யும் அலைவரிசைக்கு முதல் வடிவமும், பாடம் விளக்கும் அலைவரிசைக்கு இரண்டாம் வடிவமும் இயல்பாக அமையும்; ஒவ்வோர் ஆண்டும் தேர்வுக் காலத்தில் ஒரு புதிய மாணவர் கூட்டம் அதே புணர்ச்சி விதியைத் தேடி வருமல்லவா? ஒரே வயதை மட்டும் தேர்ந்தெடுத்து ஒப்பிடுபவர், அந்தத் தேர்விலேயே வெற்றியாளரையும் தேர்ந்தெடுத்துவிடுகிறார். ஆகவே குறைந்தது இரண்டு வயதுகளில் முடிவைத் தர வேண்டும் என்பது என் வற்புறுத்தல்.

இவ்வெண்களை வைத்து ‘அ’ சிறந்தது என்றும் சொல்ல இயலாது. ஆறு மாதம் நிறைந்த 18 காணொளிகளில் நடுப் பாதி 1,400 முதல் 3,600 வரை பரவியிருக்கிறது என்று கொண்டால், 2,600க்கும் 2,350க்கும் இடையேயான வேறுபாடு அந்தப் பரவலுக்குள் அமுங்கிப்போகும். இன்னும் இரண்டு காணொளிகள் சேர்ந்தால் வரிசை மாறக்கூடும். ஆகவே அட்டவணையில் இடைநிலையின் பக்கத்தில் நடுப் பாதியின் எல்லைகளையும் காணொளிகளின் எண்ணிக்கையையும் எழுத வேண்டும். அவை இல்லாத அட்டவணை படிப்பவரிடம் இல்லாத உறுதியை விற்கிறது.

இனி, ‘ஒத்த அலைவரிசை’ என்னும் சொல்லைக் கவனிப்போம். 2018, 2019 ஆம் ஆண்டுகளில் உலகமே வேடிக்கை பார்த்த ஒப்பீடு, சுவீடனைச் சேர்ந்த பியூடிபை என்னும் தனிமனிதரின் அலைவரிசைக்கும் நம் நாட்டின் டி-சீரிஸ் இசை நிறுவனத்திற்கும் இடையே நடந்தது. 2019 மே மாத இறுதியில் டி-சீரிஸ் பத்துக் கோடிச் சந்தாதாரர்களை முதலில் எட்டியது. ஒருபுறம் தன் அறையிலிருந்து பேசும் ஒருவர். மறுபுறம் பல படங்களின் பாடல்களையும் முன்னோட்டங்களையும் ஒரே நாளில் பலவாக வெளியிடும் நிறுவனம். அப்போட்டி கேளிக்கையாக நன்றாக இருந்தது. ஒப்பீடாக அதற்குப் பொருளே இல்லை. நம் அட்டவணைகளிலும் சிறிய அளவில் இதுவே நடக்கிறது. தேடல் பெட்டியில் ‘தமிழ் அறிவியல்’ என்று தட்டி, முதலில் வரும் பத்து அலைவரிசைகளை எடுத்துக்கொள்கிறோம். அவை முதலில் வந்ததற்குக் காரணமே அவை பெரியவை என்பதுதான். தொடங்கி ஓராண்டில் ஓய்ந்துபோன அலைவரிசைகள் அந்தப் பட்டியலில் இரா. தேறியவர்களை மட்டும் வைத்து வகுப்பின் சராசரியைக் கணக்கிடுவது போன்றது இது.

ஆகவே பார்வை எண்களைத் திறந்து பார்ப்பதற்கு முன்னரே தகுதிகளை எழுதி வைக்க வேண்டும்: மொழி, பொருள், காணொளியின் நீளம், தொடங்கிய ஆண்டு, தனியாரா நிறுவனமா என்பது. அத்தகுதிகளுக்குப் பொருந்தும் அனைத்தையும், இப்போது இயங்காதவை உட்பட, சேர்க்க வேண்டும். சந்தாதாரர் எண்ணிக்கையை வைத்து ஒத்தவற்றைத் தேர்வது பொருந்தாது. அது முந்தைய வெற்றியின் விளைவு. மேலும் 2019 செப்டம்பர் முதல் பொதுவெளியில் அந்த எண் முதல் மூன்று இலக்கங்களுக்குச் சுருக்கப்பட்டே காட்டப்படுகிறது. அணுசக்தி நகர்க் குழுவைப் பொறுத்தவரை இன்னொரு வினாவும் உண்டு. அவர்கள் மும்பைத் தமிழ்ப் பிள்ளைகளுக்காக எடுக்கிறார்கள். சென்னை அலைவரிசை தமிழ்நாட்டின் பள்ளிப் பாடத்திட்டம் முழுவதையும் சந்தையாகக் கொண்டது. பார்வை எண்ணிக்கையில் ஊர் இல்லை. கிடைக்கக்கூடிய பார்வையாளர் தொகையே வேறாக இருக்கையில், எட்டிய எண்ணை மட்டும் ஒப்பிடுவது நியாயமாகாது.

அடிக்கடி வெளியிட்டால் பார்வை கூடுமா என்பதே அந்த அட்டவணையின் பரிந்துரைக்கு அடிப்படை. பல அலைவரிசைகளை ஒருங்கே வைத்து, அடிக்கடி வெளியிடுபவை பெரியவையாக இருக்கின்றன என்று காட்டிவிடலாம். ஆனால் பார்வையும் வருவாயும் கூடியதால் படத்தொகுப்பாளரை அமர்த்தி அடிக்கடி வெளியிடத் தொடங்கியவர்களும் அதில் இருப்பார்கள். காரணம் எது, விளைவு எது என்பதை இவ்விரண்டு எண்களும் பிரித்துக் காட்டா. இதைவிடச் சற்று நேர்மையான வழி, அலைவரிசையைத் தன்னோடு தானே ஒப்பிடுவது. ‘அ’ பத்து நாளுக்கு ஒன்று வெளியிட்ட அரையாண்டிலும், மாதத்திற்கு ஒன்று வெளியிட்ட அரையாண்டிலும், 28 ஆம் நாள் இடைநிலை எவ்வாறு இருந்தது? மாறவில்லை என்றால், வேகத்தைக் கூட்டினால் மொத்தம் கூடும், காணொளிக்கான பார்வை குறையாது என்று எண்ண ஓரளவு இடமுண்டு. குறைந்திருந்தால், அதே பார்வையாளர்களை அதிகக் காணொளிகளுக்குப் பங்கிட்டிருக்கக்கூடும். பள்ளி விடுமுறை, தேர்வுக் காலம் போன்றவை குறுக்கிடும் என்பதால் இதுவும் சான்றன்று. ஆயினும் ஒத்த அலைவரிசைகளின் வேகத்தைக் கடன் வாங்குவதைவிட மேலானது.

தரவிலேயே உள்ள சில ஓட்டைகளையும் சொல்லியாக வேண்டும். ஷார்ட்ஸ் பார்வைகளைப் பிறவற்றோடு கலக்கவே கூடாது. 2025 மார்ச் 31 முதல் ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலோ, மீண்டும் ஓடினாலோ அது பார்வையாக எண்ணப்படுகிறது. குறைந்தபட்ச நேரம் பார்த்திருக்க வேண்டும் என்பதில்லை. பத்து நிமிட விளக்கத்தைத் தேர்ந்தெடுத்துத் திறந்தவரும், விரலால் தள்ளிக்கொண்டே போனவரும் ஒரே சொல்லால் ‘பார்வை’ எனப்படுகிறார்கள். அந்நாளுக்கு முந்தைய ஷார்ட்ஸ் எண்களையும் பிந்தையவற்றையும் இணைத்து வளர்ச்சிக் கோடு வரைந்தால், விதி மாறியதே வளர்ச்சியாகத் தோன்றும். மூன்று நிமிடம் வரையிலான நெடுக்குவாட்டுக் காணொளிகளும் 2024 அக்டோபர் முதல் ஷார்ட்ஸ் ஆகிவிட்டதால், ஒரு நிமிடத்திற்குக் குறைவானவற்றை மட்டும் நீக்கினால் போதாது.

இரண்டாவது, நீக்கப்பட்ட காணொளிகள். ஓடாத காணொளிகளை மறைத்துவிடும் அலைவரிசையின் இடைநிலை உயர்ந்தும், பதிவேற்ற வேகம் குறைந்தும் தோன்றும். ஒரே ஒரு நாள் எடுத்த தரவில் இதைக் கண்டறிய வழியில்லை. வாரந்தோறும் பட்டியலைச் சேமித்தவருக்குச் சென்ற வாரம் இருந்த எண் இந்த வாரம் இல்லை என்பது உடனே தெரியும். மூன்றாவது, விளம்பரம் செய்து பெற்ற பார்வைகள். அவையும் இதே எண்ணிக்கையில் சேர்கின்றன. வாராந்திரக் குறிப்பில் ஒரு காணொளி சில வாரங்கள் மட்டும் ஒரே சீராக ஏறி, பின் திடீரென நின்றுவிட்டால் ஐயம் கொள்ளலாம். அதற்கு மேல் உறுதிகூற இயலாது.

இத்தனைக்கும் பிறகு நேர்மையாக எழுதக்கூடிய வாக்கியம் எத்தகையது? நம் எடுத்துக்காட்டில் அது இவ்வாறு அமையும்: ‘ஆ’ ஆறு மடங்கு அடிக்கடி வெளியிடுகிறது, வெளியான முதல் மாதத்தில் அதன் காணொளிகள் ஏறத்தாழ இரு மடங்கு பார்க்கப்படுகின்றன, ஆறு மாத முடிவில் இரண்டுக்கும் இடையே சொல்லத்தக்க வேறுபாடு இல்லை, ‘அ’வின் காணொளிகள் அப்போதும் பார்க்கப்பட்டு வருகின்றன. பிள்ளைகள் கற்றார்களா, பாதியில் விட்டார்களா, மும்பையில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்பவற்றுக்கு இத்தரவில் விடையில்லை. அவற்றை அலைவரிசையை நடத்துபவர்தான் தம் உட்கணக்கில் பார்க்க வேண்டும், அல்லது பிள்ளைகளிடமே கேட்க வேண்டும்.

இவ்வாக்கியம் ஆண்டறிக்கையில் கவர்ச்சியாக இராது. தரவரிசையில் யாருக்கும் முதலிடம் தராது. ஆனால் மெல்ல வளரும் தன்மையுள்ள வேலையை, மெல்ல வளர்கிறது என்னும் காரணத்திற்காகவே நிறுத்திவிடும் முடிவுக்கு அது துணைபோகாது. ஆய்வேட்டில் இத்தகைய அட்டவணை வைக்கும் மாணவ நண்பர்கள் குறைந்தது மூன்று செய்திகளைத் தலைப்பிலேயே எழுதுங்கள்: காணொளிகளின் வயது, எடுத்த அளவு சராசரியா இடைநிலையா என்பது, ஒப்பீட்டு அலைவரிசைகளை எவ்வாறு தேர்ந்தீர்கள் என்பது. இம்மூன்றும் இல்லாத அட்டவணை கண்ணில் பட்டால், வழிகாட்டிகளும் தேர்வாளர்களும் தயங்காமல் திருப்பி அனுப்பலாம்.